படத்தில் உள்ள குளிசை அட்டை எத்தனை நாளுக்குப் போதும்?

தொண்டைமானாற்றில் தனித்து வாழும் தாயார், தமது நீரிழிவுக் குளிசை அட்டைகளைப் படமெடுத்துக் கடல் கடந்திருக்கும் மகனுக்கு அனுப்புகிறார். அப்படத்தை நீங்கள் எவ்வாறு வாசிப்பீர்கள்?

முட்டைத் தட்டில் வெறுங்குழிகளை எண்ணி மொத்தத்தில் கழிப்பதுபோல, இங்கும் வெற்றறைகளையே முதலில் எண்ணுதல் உத்தமம். ஏனெனில் பளபளக்கும் பிளாஸ்டிக்கில் விழும் ஒளி, வெற்றறையிலும் வெள்ளைக் குளிசை இருப்பதாகப் பிரமை தரும். ஐயமெனில், பின்புறத் தகட்டையும் படமெடுக்கச் சொல்லுங்கள். கிழிசல் பொய் சொல்லாது.

பத்து அறை கொண்ட அட்டைகள் இரண்டு, ஒன்றில் நான்கு கிழிசல்: எஞ்சியவை 16. காலையும் இரவும் ஒவ்வொன்றெனில் எட்டு நாள் என்று விரைந்து கூறிவிடாதீர்கள். படம் திங்கள் நண்பகலில், காலைக் குளிசைக்குப் பின் எடுக்கப்பட்டதாயின், கணக்கு அன்றிரவே ஆரம்பமாகி, அடுத்த செவ்வாய் காலையோடு முடிகிறது, அன்றிரவுக்கு ஒன்றுமில்லை.

கிளினிக் அச்செவ்வாய் வரும் வாரத்து வியாழன் முற்பகலாயின், செவ்வாய் இரவு, புதன் இருவேளை, வியாழன் காலை என நான்கு குளிசைகள் குறைகின்றன. அவற்றை முன்கூட்டியே பெற்றுவைத்தல் அவசியம். அலுமாரியில் வேறு அட்டை உண்டா என்பதை மட்டும் படம் காட்டாது, தாயாரிடமே கேளுங்கள்.