பி.பி. மெஷினைக் கவிழ்த்துப் பாருங்கள்

பல்ஸ் ஆக்சிமீட்டரில் 98 என்று ஒளிரும் எண்ணை எதிர்ப்பக்கம் நின்று படமெடுத்தால் அது 86 ஆகிவிடும். கோடு கோடாக அமைந்த அந்த டிஜிட்டல் எழுத்தில் 9 தலைகீழானால் 6. 8 எப்படித் திரும்பினாலும் 8தான். ஊரில் இருக்கும் அம்மாவின் விரலில் மாட்டிய கருவியைப் பக்கத்து வீட்டுப் பையன் படமெடுத்து அனுப்புகிறான். சென்னையில் இருக்கும் மகன் 86 என்று படித்துப் பதறிப்போகிறார். பதற்றத்தோடு முடிந்தால் பரவாயில்லை. உண்மையிலேயே 86-க்கு இறங்கிவிட்டவரின் படம் இதே போலத் திரும்பி 98 ஆகத் தெரிந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் வீட்டிலேயே படுத்திருப்பார்.

படத்தில் இதைக் கண்டுபிடிக்கத் துணையாக இருப்பது எண் அல்ல, எண்ணுக்குப் பக்கத்தில் கருவியின் உடலில் அச்சிட்டிருக்கும் எழுத்து. `%SpO2` என்று இருப்பது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, `PRbpm` என்று இருப்பது நாடித்துடிப்பு. அந்த எழுத்துகள் நேராக நிற்கும்படி படத்தைத் திருப்பிய பிறகுதான் எண்ணைப் படிக்க வேண்டும். நாடித்துடிப்பு 72 என்பதை ஆக்சிஜன் 72 என்று படித்துக் கலங்கியவர்களும் உண்டு. ஆகவே உடல் அச்சு வெட்டுப்பட்டுப் போன, வெறும் எண் மட்டும் தெரியும் படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இன்னொரு படம் கேளுங்கள்.

சிவப்பு எல்.இ.டி. எண்களுக்கு இன்னொரு குணம் உண்டு. அவற்றின் கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. மின்னல் வேகத்தில் மாறி மாறி எரிகின்றன. கண்ணுக்கு அது தெரியாது, போன் கேமராவுக்குத் தெரியும். எனவே படத்தில் ஒரு கோடு விடுபட்டிருந்தால் கருவி பழுது என்று பொருளல்ல. பி.பி. மெஷினின் சாம்பல் நிறத் திரையில் கதை வேறு. அங்கே எல்லாப் படத்திலும் ஒரே கோடு காணாமல் போயிருந்தால் அது பழுதேதான், 8 என்பது 6 ஆகவோ 9 ஆகவோ தெரியும். பெரும்பாலான பி.பி. மெஷின்கள் பொத்தானை அழுத்தியதும் ஒரு நொடி எல்லாக் கோடுகளையும் சேர்த்துக் காட்டும். அந்த நொடியைப் படமெடுத்தால் உயிரற்ற கோடு எது என்பது தெரிந்துவிடும்.

சில நேரம் திரையில் 16.0, 10.7 என்று புள்ளி வைத்த எண்கள் வரும். கருவி கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். சீனாவின் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த மெஷின்களில் `kPa` என்ற அலகும் இருக்கும். 7.5-ஆல் பெருக்கினால் அதுவே நமக்குப் பழக்கமான 120, 80. அளவு சரியாக இருக்கலாம். ஆனால் நம் நாட்டில் விற்பதற்கென்று வராத ஒரு பொருள் எப்படியோ நம் வீட்டுக்கு வந்திருக்கிறது என்ற சந்தேகத்தை அந்தப் புள்ளி எழுப்பத்தான் வேண்டும்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, கருவியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது மருந்துக் கடையில் ஆக்சிமீட்டர் கிடைக்காமல், யார் எதை விற்றாலும் வாங்கினோம். இன்று நிலைமை வேறு. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளும், 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளையும் மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்த அறிவிப்பும் சேர்ந்து லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கின்றன. தயாரித்தவர் பெயர், தயாரித்த இடத்தின் முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், தொகுதி எண், உரிம எண் ஆகியவை வேண்டும். உள்நாட்டுத் தயாரிப்பென்றால் `Mfg. Lic. No.` என்ற எழுத்துகளுக்குப் பின்னால் உரிம எண் வரும். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் இறக்குமதி உரிம எண்ணும், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியும் ஒரு ஸ்டிக்கராகவாவது ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உரிமம் கட்டாயம் என்பது படிப்படியாக வந்து, 2023 அக்டோபரில்தான் எல்லா வகுப்புக் கருவிகளையும் தொட்டது. எனவே 2021-இல் வாங்கிய மெஷினில் உரிம எண் இல்லை என்பதற்காக அதைப் போலி என்று தூக்கிப்போட வேண்டாம். இந்த ஆண்டு தயாரித்ததாக அச்சிட்டிருக்கும் ஒன்றில் அது இல்லையென்றால்தான் கேள்வி.

ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். ஆன்லைனில் மலிவாக வாங்கிய ஆக்சிமீட்டர், நான்கு படங்களாக நமக்கு வந்திருக்கிறது. முதல் படம் அட்டைப்பெட்டி: அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. சின்னம் நீல நிறத்தில் பெரிதாக. இரண்டாவது படம் கருவியின் பின்புறம்: `CE` என்ற இரண்டெழுத்து, ஒரு மாடல் எண், அவ்வளவுதான். மூன்றாவது படத்தில் விரலில் மாட்டிய கருவி 98, 65 என்று காட்டுகிறது. நான்காவது, பெட்டியின் அடிப்பக்கம்.

எஃப்.டி.ஏ. சின்னம் அங்கே இருப்பதே தவறு. அந்த நிறுவனம் தன் சின்னத்தைத் தனியார் பொருள்கள்மீது போட அனுமதிப்பதில்லை. தன்னிடம் பெயரைப் பதிவு செய்தவர்களுக்கு அது சான்றிதழும் தருவதில்லை. பதிவு என்பது அங்கீகாரமும் அல்ல. ஆக, நம்பிக்கை தருவதற்காகப் பெரிதாகப் போட்ட சின்னமே நம்பிக்கையைக் குலைக்கிறது.

அடுத்து `CE`. ஐரோப்பாவில் விற்பதற்கான அடையாளம் இது. ஆக்சிமீட்டர், பி.பி. மெஷின் போன்றவற்றைத் தயாரிப்பாளரே சரியென்று சொல்லிக்கொள்ள முடியாது. அரசு ஏற்ற ஓர் ஆய்வு அமைப்பு பார்க்க வேண்டும். பார்த்த அமைப்பின் நான்கு இலக்க எண், அந்த இரண்டெழுத்தை ஒட்டி வரும். 0123 என்றிருந்தால் ஜெர்மனியின் டூவ் சூட் என்ற அமைப்பு. நம் படத்தில் எண்ணே இல்லை. எழுத்தின் வடிவத்தையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். `C` ஒரு வட்டத்தின் பகுதி. அந்த வட்டத்தை மனதுக்குள் முழுதாக்கினால் அது `E`-யின் முதுகைத் தொடும் அளவுக்கு நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். `E`-யின் நடுக்கோடு மற்ற இரண்டையும் விடக் குட்டையாக இருக்கும். இரண்டெழுத்தும் நெருக்கி அடித்திருந்தால் அந்த விதி பின்பற்றப்படவில்லை. இதெல்லாம் சரியாக இருந்தாலும் `CE` நம் நாட்டு உரிமத்துக்கு மாற்று ஆகாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

நான்காவது படத்தைப் பெரிதாக்கினால், பெட்டியின் அடியில் பொடி எழுத்தில், விளையாட்டு வீரர்களுக்கும் விமானத்தில் பறப்பவர்களுக்கும் மட்டும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. முன்பக்கம் ஸ்டெதஸ்கோப் படம், அடிப்பக்கம் இந்த வரி. மருத்துவக் கருவிக்கான சோதனைகளைத் தவிர்க்க இப்படி எழுதுவது வழக்கம். இறக்குமதியாளர் ஸ்டிக்கர் எங்கும் இல்லை. நாளை இந்தக் கருவி தப்பாகக் காட்டினால் யாரைப் போய்க் கேட்பது என்பதற்கு இதன்மேல் ஒரு பதிலும் இல்லை. என் தீர்ப்பு, இதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான்.

மூன்றாவது படத்தில் இருந்த 98-ஐ நான் இன்னும் தொடவே இல்லை. காரணம், அது எதையும் நிரூபிக்காது. உண்மையான ஆக்சிமீட்டர் இரண்டு ஒளிகளை விரல் வழியே அனுப்புகிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, மற்றது தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் ஏற்றாத ரத்தமும் இவ்விரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அந்த விகிதத்திலிருந்துதான் எண் பிறக்கிறது. கணக்கே போடாமல் 97-க்கும் 99-க்கும் இடையே எண்ணை உருட்டும் ஒரு பொம்மையும், திரையில், படத்தில், அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும். பென்சிலை மாட்டினாலும் எண் காட்டுகிறது என்று 2021-இல் பரவிய வீடியோக்களையும் முழுச் சாட்சியாக எடுக்க முடியாது. வெளிச்சத்தின் சிமிட்டலையும் கை அசைவையும் நாடியென்று எண்ணி நல்ல கருவியும் சில நேரம் ஏமாறும்.

அதனால் படத்துக்குப் பதிலாக ஒரு நிமிட வீடியோ கேளுங்கள். ஒருவர் கருவியை மாட்டிக்கொண்டு அசையாமல் இருக்க, இன்னொருவர் அவருடைய மற்றக் கை மணிக்கட்டில் நாடியைப் பிடித்து வாய்விட்டு எண்ண வேண்டும். கருவியில் ஏறி இறங்கும் சின்னப் பட்டை அந்த எண்ணிக்கையோடு சேர்ந்து துடிக்கிறதா, நிமிட முடிவில் நாடித்துடிப்பு எண் ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சற்று வேகமாக நடந்துவிட்டு வந்து மறுபடி எண்ணினால் கருவியிலும் எண் ஏற வேண்டும். நோயாளியை நடக்க வைக்காதீர்கள். நலமாக இருப்பவர் செய்தால் போதும். நாடியைப் பிடிக்கத் தெரியாத கருவி ஆக்சிஜனை நிச்சயம் அளக்காது. நாடியைச் சரியாகச் சொல்வதாலேயே ஆக்சிஜன் எண்ணும் சரி என்று ஆகிவிடாது. நல்ல கருவியிலும் சில புள்ளிகள் முன்பின் இருக்கும். தோல் கறுத்தவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று எஃப்.டி.ஏ. 2021-இல் எச்சரித்தது. நம்மில் பலருக்கு இது நேரடியாகப் பொருந்துவதால் சொல்கிறேன்.

பி.பி. மெஷினில் ஏமாற்றம் வேறு வடிவில் வருகிறது. பெட்டியின்மேல் துல்லியம் ±3 mmHg என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, 140 என்று காட்டினால் உண்மை 137-க்கும் 143-க்கும் இடையில் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. கைப்பட்டைக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை உள்ளிருக்கும் சென்சார் எவ்வளவு சரியாக அளக்கிறது என்பதுதான் அந்த 3. அந்தக் காற்றின் அதிர்விலிருந்து உங்கள் ரத்த அழுத்தத்தை மெஷின் கணக்கிட்டுச் சொல்கிறது. கணக்கு சரியா என்பதற்கு மனிதர்கள்மீது தனிச் சோதனை உண்டு. குறைந்தது 85 பேரிடம், பயிற்சி பெற்றவர்கள் காதால் கேட்டு எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற தரம். அந்தச் சோதனையில் தேறியதா என்பது பெட்டியில் இருக்கும் ±3-இலிருந்து தெரியவே தெரியாது. லேபிள் பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

தேறிய மெஷின்களின் பட்டியலை `stridebp.org` என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே பிராண்டை மட்டும் தேடினால் போதாது, மாடல் எண்ணும் வேண்டும். அது பெட்டியின் முகப்பில் அல்ல, மெஷினின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருப்பதுதான் சரியானது. ஓர் எழுத்து மாறினாலும் வேறு மெஷினாக இருக்கலாம். பட்டியலில் இல்லாத மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டுபோய், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, ஒரே கையில் அவருடைய மெஷினிலும் உங்களுடையதிலும் மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகப் பத்துப் புள்ளிக்கு மேல் விலகினால் அதை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

புதிதாக வாங்குபவர்கள், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் கருவியின் பின்புறத்தையும் பெட்டியின் ஆறு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். உரிம எண்ணோ இறக்குமதியாளர் முகவரியோ இல்லையென்றால் விற்றவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் படங்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கும் எழுதலாம்.