சஹர் எத்தனை மணி வரை?

சென்னை திருவல்லிக்கேணி, மண்ணடிப் பக்கம் விடுதிகளில் ரமலான் மாதத்தில் சாப்பாட்டு நேர அறிவிப்பு ஒட்டுவது வழக்கம். "சஹர் அதிகாலை 4 மணி முதல்" என்று மட்டும் எழுதினால் அது அரைகுறை. நோன்பாளி முதலில் தேடுவது முடியும் நேரத்தைத்தான்.

சூரியன் உதிக்கும்வரை சாப்பிடலாம் என்று எண்ணும் புது சமையல்காரர்கள் உண்டு. கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும் சுபுஹு நேரத்தோடு சஹர் முடிந்துவிடும். சென்னையில் அது உதயத்துக்கு ஏறக்குறைய 70 நிமிடம் முன்னால். அன்றைய முடிவு 5.10 என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஆர்டர் 4.40, டீயும் தண்ணீரும் 5 மணிவரை, பரிமாறத் தொடங்குவது 4 மணி, அடுப்பு பற்றவைப்பது 3 மணி என்று பின்னோக்கியே கணக்குப் போட வேண்டும். 5.05க்குச் சுடச்சுட பரோட்டா வந்து என்ன பயன்?

ஒரே தாளை மாதம் முழுக்க விட்டுவைப்பதும் சரிப்படாது. நோன்பு பிப்ரவரி, மார்ச்சில் வந்தால், மாதம் முடிவதற்குள் சென்னையில் சஹர் முடிவு பத்து நிமிடத்துக்கு மேல் முன்னால் நகர்ந்துவிடும். நோன்பு திறக்கும் நேரமோ நாலைந்து நிமிடம்தான் தள்ளிப்போகும். ஊர் மாறினாலும் சிக்கல்தான். கோவையில் சூரியன் மறைவது சென்னையைவிடச் சுமார் 13 நிமிடம் தாமதம். சென்னை அட்டவணையை அங்கே ஒட்டினால், பொழுது சாயுமுன்பே நோன்பைத் திறக்கச் சொன்னதாகிவிடும். உள்ளூர்ப் பள்ளிவாசல் அட்டவணையே பத்திரம்.

தேதியையும் தெளிவாகப் போட வேண்டும். "வியாழன் இரவு சஹர்" என்றால் குழப்பம். "வெள்ளி அதிகாலை" என்றால் இல்லை. பிறை 29ஆம் நாள் மாலையில் தெரிந்தால் மறுநாள் பெருநாள், சஹர் கிடையாது. தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. தலைமை காஜியின் அறிவிப்பு வரும்வரை சமையலறை இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டியதுதான்.

விருந்தினருக்கான தாளில் பெரும்பாலும் விடுபடுவது ஊழியர் நேரம். மஃரிப் பாங்கு சொல்லும் அதே நிமிடத்தில்தான் பரிமாறுபவரும் நோன்பு திறக்க வேண்டும். அதனால் பேரீச்சம்பழம், தண்ணீர், வடை எல்லாம் பத்து நிமிடம் முன்பே மேசைக்குப் போய்விட வேண்டும். நோன்புக் கஞ்சியும் கிண்ணங்களில் ஊற்றி முடித்திருக்க வேண்டும். பிறகு கால் மணி நேரம் ஆர்டர் இல்லை என்று அறிவிப்பிலேயே போட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கஞ்சிக்கு உப்பு பார்க்க நோன்பில்லாத ஒருவர் பிற்பகல் ஷிஃப்டில் இருப்பது நல்லது. இதை சமையலறைத் தாளில் எழுதினால் போதும்.

நோன்பில்லாத விருந்தினருக்கு 7 முதல் 10 வரை வழக்கமான காலை உணவு உண்டு என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். அறை வாடகையில் காலை உணவும் சேர்த்தி என்றால், அதற்குப் பதிலாக சஹர் கிடைக்குமா, முந்தின இரவு எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கட்டும். 9 மணிக்குள் சொன்னால் மாவும் கறியும் அளவாக எடுத்து வைக்கலாம்.