புது லேப்டாப்புக்கு அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல்

கோவையில் வீட்டிலிருந்தபடி ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு வடிவமைப்பு வேலை செய்கிற ஃப்ரீலான்சர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. அன்று மாலையே புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். மறுநாள் காலை கடவுச்சொல் சரியாக இருக்கிறது, போனில் வந்த ஒப்புதலையும் தட்டிவிட்டார். ஆனாலும் திரையில் "You can't get there from here" என்று வந்து நிற்கிறது.

மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைய வைக்கும் நிறுவனங்களில் இந்தத் திரை அடிக்கடி வரும். ஆள் யார் என்பதோடு, எந்தக் கருவியிலிருந்து வருகிறார் என்பதையும் அந்த அமைப்பு பார்க்கிறது. பழைய லேப்டாப் நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தது, புதியது இல்லை. அவ்வளவுதான் காரணம்.

பலர் உடனே "லாகின் ஆகவில்லை, அவசரம், தயவுசெய்து சரிசெய்யுங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். ஐ.டி. குழுவுக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தத் திரையிலேயே "More details" என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் பிழை எண், Request Id, நேரம், கருவியின் நிலை எல்லாம் தெரியும். பிழை எண் 53000 என்றால் கருவி நிறுவனத்தின் விதிகளுக்கு உட்படவில்லை என்று பொருள். 53003 என்றால் ஏதோ ஒரு விதி நுழைவையே தடுத்திருக்கிறது. நீங்கள் இருக்கும் இடம்கூடக் காரணமாக இருக்கலாம், லேப்டாப்பை அனுமதித்தும் பயனில்லாமல் போகலாம். இந்த விவரங்களை அன்றே அனுப்பிவிட வேண்டும். கட்டணத் திட்டம் வைத்திருக்கும் நிறுவனத்தில் நுழைவுப் பதிவுகள் 30 நாள் இருக்கும், இலவசத் திட்டத்தில் 7 நாள்தான்.

லேப்டாப்பின் வரிசை எண் பெட்டியில் இருக்கும். இல்லாவிட்டால் பவர்ஷெல்லில் இதைக் கொடுத்தால் வரும்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

நம்மவர் எழுதிய கடிதம் தமிழில் இப்படி இருக்கும்:

"வணக்கம். பழைய லேப்டாப் நேற்று பழுதானதால் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். இன்று காலை இந்திய நேரம் 9:42-க்கு (யு.டி.சி. 04:12) நுழைய முயன்றபோது 53000 என்ற பிழை வந்தது. Request Id-யும் திரையின் படமும் இணைப்பில் உள்ளன. புதிய லேப்டாப்பின் மாடல், வரிசை எண், விண்டோஸ் பதிப்பு கீழே. பழையது என்னிடமே இருக்கிறது. அதன் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டது. அதை உங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாம். என் ஒப்பந்தத்தைக் கவனிக்கும் மேலாளருக்கும் நகல் அனுப்பியுள்ளேன். நீங்கள் வைத்திருக்கும் என் எண்ணுக்கு அழைத்தோ வீடியோவிலோ என்னை உறுதிசெய்துகொள்ளலாம். புதியதைப் பதிவுசெய்யும் வழிமுறையை அனுப்புங்கள்."

இதில் கடைசிப் பகுதிதான் உயிர்நாடி. நிறுவன அஞ்சல் பூட்டப்பட்டிருப்பதால் அவர் சொந்த ஜிமெயிலிலிருந்து எழுதுகிறார். அதை யார் வேண்டுமானாலும் அவர் பெயரில் திறந்திருக்கலாம் என்றுதான் ஐ.டி. குழு நினைக்கும், நினைக்கவும் வேண்டும். 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஜி.எம். ரிசார்ட்ஸ் நிறுவனம் தாக்கப்பட்டபோது, ஊழியர்போல நடித்து உதவி மையத்துக்குப் பேசியே உள்ளே புகுந்ததாகச் செய்திகள் வந்தன. இன்னொன்று: வட கொரிய ஆட்கள் அமெரிக்கர்கள் என்று நடித்து வீட்டிலிருந்து வேலை பார்க்க, அவர்களுக்கான லேப்டாப்புகளைத் தன் வீட்டில் அடுக்கி வைத்து இயக்கித் தந்த அரிசோனா பெண்ணுக்கு 2025 ஜூலையில் எட்டரை ஆண்டு சிறை கிடைத்தது. ஏமாந்த நிறுவனங்கள் 300-க்கு மேல். 'தொலைவிலிருந்து வேலை செய்பவர், புதிய லேப்டாப்' என்றாலே அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று இப்போது புரியும்.

அதனால் கடிதத்தில் புதிய போன் எண் எதையும் தராதீர்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற எண்ணையே சுட்டுங்கள். கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ எழுதவே கூடாது. பதில் வரும்வரை நண்பரின் கணினியில் முயல்வதும் வி.பி.என். போட்டு முயல்வதும் வேண்டாம். தெரியாத கருவி, தெரியாத ஊர் என்று பதிவில் விழுந்தால் சந்தேகம் கூடும்.

அனுமதி கிடைக்கும்போது நிறுவனம் உங்கள் லேப்டாப்பில் தன் நிர்வாக மென்பொருளைப் பதியச் சொல்லும். அதன் மூலம் சில விதிகளை அவர்கள் கட்டாயமாக்கலாம். அமைப்பைப் பொறுத்து தரவைத் தொலைவிலிருந்தே அழிக்கவும் முடியும். லேப்டாப் உங்கள் காசில் வாங்கியது. எதெல்லாம் அழியும், ஒப்பந்தம் முடிந்ததும் எப்படி விடுவிப்பார்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. சில நிறுவனங்கள் சொந்த லேப்டாப்பை ஏற்காமல், பிரவுசரில் திறக்கும் மெய்நிகர் கணினியையோ தங்கள் லேப்டாப்பையோ தருவார்கள்.

கடைக்குப் போகுமுன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: விண்டோஸ் ஹோம் போதுமா, புரோ வேண்டுமா? ஹோம் பதிப்பை நிறுவனத்தின் கருவியாக முழுமையாக இணைக்க முடியாது. அதை வாங்கிவிட்டு வந்தால், புரோவுக்கு மாற்ற இன்னொரு முறை காசு கட்ட வேண்டியிருக்கும்.