மணி ஓய்ந்த பிறகு

கதைக்காக அவளைக் கயல்விழி என்று வைத்துக்கொள்வோம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு, துணிக்கடையில் வேலை. விடியலில் திருவனந்தல் பூசைக்கு அடிக்கும் மணி அவளுக்குப் பல வருடங்களாக வெறும் தூக்கக் கலைப்பு.

ஒருநாள் எழுந்து பாயிலேயே உட்கார்ந்தாள். வெண்கல மணியின் நாதம் உடனே அறுபடாது. மெல்லத் தேய்ந்து மறையும். அந்தத் தேய்வைக் காதால் பின்தொடர்ந்தாள். ஓசை நின்ற இடத்தில், பாட்டி சொல்லித்தந்த 'சிவாயநம'வைத் தொடங்கினாள்.

சபத்தில் மூன்று வகை உண்டு: வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம். மூன்றாவதே உயர்ந்தது என்பார்கள். கடினமானதும் அதுதான். கயல்விழியின் விரல்கள் 108 உருத்திராட்ச மணிகளையும் தாண்டி முடித்திருக்கும். மனமோ கடைக் கணக்கில் நிற்கும். மந்திரம் எந்த இடத்தில் நழுவியது என்று நினைவில்லாவிட்டால் அந்தச் சுற்று கைவேலை மட்டுமே.

அவள் கண்ட வழி எளிது. தூக்கம் வந்தால் உதடசைத்துச் சொல்வாள், தெளிந்ததும் மௌனத்துக்குத் திரும்புவாள். மாலை முடியும் மேருமணியைத் தாண்டாமல் திருப்பிப் பிடிப்பாள். அந்தச் சிறு தடையே கவனத்தை உலுக்கிவிடும். எண்ணிக்கையைக் குறித்துவைக்கும் ஆசையை விட்டது நல்ல முடிவு.

முயல விரும்புவோருக்கு ஒன்று: மார்கழியில் கோயில்களில் நடை முன்னதாகவே திறக்கும். முந்தைய இரவே சீக்கிரம் படுத்துவிடுங்கள்.