பத்தி எண்ணிடல் (நிகழ்வு அறிக்கை)

பத்தி எண்ணிடல் என்பது நீண்ட அறிக்கையின் ஒவ்வொரு பத்திக்கும் தொடர் எண் இடும் முறை ஆகும். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 6, விதி 2 வழக்குரைகளை இவ்வாறே எண்ணிடச் சொல்கிறது. ஒவ்வொரு கூற்றும் இயன்றவரை தனிப் பத்தியாக இருக்க வேண்டும்.

நிகழ்வு அறிக்கைக்கும் இது பொருந்தும். ஜமுனாமரத்தூர் மலைச்சாலையில் ஒரு வேன் கவிழ்ந்ததாகக் கொள்வோம். பிரேக் பிடிக்காததையும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதையும் பத்தி 14இல் சேர்த்து எழுதினால், கூட்டத்தில் ஒருவர் "14ஐ ஏற்கவில்லை" என்னும்போது எதை மறுக்கிறார் என்று தெரியாது. பிரேக் 14, ஆட்கள் 15 எனப் பிரித்தால் குழப்பமில்லை. தலைப்புதோறும் 1இலிருந்து தொடங்குவதும் தவறு. அப்போது 'பத்தி 3' பல இடங்களில் வந்துவிடும்.

பரிந்துரை 41இல் 'பத்தி 14 காண்க' என்று எழுதலாம். பக்க எண்ணால் சுட்டினால் அச்சுப்படிக்கும் கைப்பேசிக்கும் ஒத்துவராது. வரைவு நிலையில் வேர்டு மென்பொருளின் Cross-reference வசதி உதவும். ஆனால் பத்திகளைச் சேர்த்தபின் Ctrl+A, F9 அழுத்தினால்தான் சுட்டெண்கள் புதுப்பிக்கப்படும். சுட்டிய பத்தி நீக்கப்பட்டிருந்தால் `Error! Reference source not found.` என்று தெரியும். கையால் தட்டிய எண்ணுக்கு இந்த எச்சரிக்கை கிடையாது. அது சத்தமின்றி வேறொரு பத்தியைக் காட்டும். ஆகவே ஒவ்வொரு 'காண்க'வையும் உரிய பத்தியோடு ஒப்பிட வேண்டும்.

படிகளை உறுப்பினர்களுக்கு அனுப்பியபின் எண்களை மாற்றலாகாது. புதிய பத்தி 14அ ஆகும். நீக்கியதன் இடத்தில் '15. நீக்கப்பட்டது' என்று எழுதினால் 16 பதினாறாகவே இருக்கும். உறுப்பினர் ஓரத்தில் எழுதிவந்த குறிப்பும் பிசகாது.