யூரோ இறங்கினால் யார் தாங்குவது?

2022 ஜனவரியில் ஒரு டாலருக்குச் சுமார் 74 ரூபாய் 50 காசு. ஆகஸ்ட் கடைசியில் அது 80 ரூபாயை ஒட்டி நின்றது. ரூபாய் சரிகிறது, ஏற்றுமதி செய்பவர்களுக்கு நல்ல காலம் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். டாலரில் பில் போட்டவர்களுக்கு அது உண்மை. ஆனால் அதே எட்டு மாதத்தில் யூரோ 84 ரூபாயிலிருந்து 80 ரூபாய்க்கு இறங்கியது. உக்ரைன் போரும் எரிவாயுத் தட்டுப்பாடும் ஐரோப்பாவை அழுத்தின. அமெரிக்காவில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ஜூலையில் ஒரு யூரோவும் ஒரு டாலரும் ஒரே விலைக்கு வந்தன. யூரோவில் விலை பேசி ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தவருக்கு ரூபாயின் சரிவால் எந்த லாபமும் இல்லை. ரூபாயைவிட வேகமாக அவருடைய யூரோ சரிந்துவிட்டது.

கோவையில் உள்ள ஒரு சிறு பவுண்டரியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பம்புக்கான வார்ப்பு உதிரிபாகம் ஒன்றைக் கடைந்து முடித்து, மாதம் 2,000 உருப்படி ஜெர்மனிக்கு அனுப்புகிறது. ஓர் உருப்படியின் விலை 20 யூரோ. விலை கொடுத்த நாளில் யூரோ 84 ரூபாய் என்பதால் கைக்கு வர வேண்டியது 1,680 ரூபாய். இரும்பு, மின்சாரம், கூலி, பேக்கிங், துறைமுகம் வரையிலான வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 1,545 ரூபாய் ஆகிறது. மிச்சம் 135 ரூபாய். யூரோ ஐந்து சதவீதம் இறங்கி 79 ரூபாய் 80 காசுக்கு வந்தால், அதே 20 யூரோவுக்கு 1,596 ரூபாய்தான் கிடைக்கும். மிச்சம் 51 ரூபாய். நாணயத்தின் மதிப்பு ஐந்து சதவீதம்தான் குறைந்தது; லாபத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

நிலைமை மாறிவிட்டது, விலையைத் திருத்துங்கள் என்று பிறகு கேட்க முடியுமா? கேட்கலாம். கொடுக்க வேண்டிய கட்டாயம் வாங்குபவருக்கு இல்லை. ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து கொடுத்த முகவர்கள், போரால் செலவு கூடிவிட்டது என்று அதிகத் தொகை கேட்ட அலோபி பிரசாத் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1960-ல் இதைத் தெளிவாகச் சொன்னது. எதிர்பாராத செலவு வந்தது என்பதால் மட்டும் ஒப்பந்தம் செயலற்றுப் போகாது. பேசிய விலைக்கு மேல் கேட்க உரிமையும் வராது. ஆகவே பாதுகாப்பு வேண்டுமென்றால் கையெழுத்துப் போடும் முன்பே அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அதற்கான வழிதான் மாற்று விகிதச் சரிக்கட்டு ஷரத்து. நாணய விகிதம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால், முன்பே ஒப்புக்கொண்ட கணக்குப்படி விலையும் மாறும்.

இதற்கு வேண்டிய முதல் எண் அடிப்படை விகிதம். ‘ஒப்பந்தம் கையெழுத்தான நாளின் விகிதம்’ என்று எழுதிவிடுவது வழக்கம். இது சரியல்ல. அக்டோபரில் 84 ரூபாயை வைத்துக் கணக்குப் போட்டு விலை கொடுக்கிறீர்கள். பேச்சு இழுத்து ஜனவரியில் கையெழுத்தாகிறது. அன்று யூரோ 82. அந்த 82-ஐ அடிப்படையாக வைத்தால், இரண்டு ரூபாய் நஷ்டத்தை ஒப்பந்தம் தொடங்கும்போதே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். விலைக்கு எந்த விகிதத்தைப் பயன்படுத்தினீர்களோ அதையே எண்ணாக எழுத வேண்டும்.

அடுத்தது, யார் வெளியிடும் விகிதம் என்பது. சும்மா ‘சந்தை விகிதம்’ என்று எழுதினால் சண்டை நிச்சயம். உங்கள் வங்கி பணத்தை மாற்றித் தரும் விகிதத்தில் அதன் கமிஷனும் கலந்திருக்கும். அதை வாங்குபவர் ஏற்கமாட்டார். ஷிப்பிங் பில்லில் வரும் சுங்க விகிதம் வரி மதிப்பீட்டுக்காக அறிவிக்கப்படுவது, தினமும் மாறுவதில்லை. பொதுவில் யாரும் பார்க்கக்கூடிய விகிதம் வேண்டும். ரூபாய்க்கு எதிராக டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றின் ரெஃபரன்ஸ் ரேட்டை 2018 ஜூலை முதல் ரிசர்வ் வங்கிக்குப் பதிலாக எஃப்.பி.ஐ.எல் நிறுவனம் வேலை நாள்தோறும் வெளியிடுகிறது. ஐரோப்பிய மத்திய வங்கியும் ஒரு யூரோவுக்கு எத்தனை ரூபாய் என்று தன் வேலை நாள்களில் வெளியிடுகிறது. ஜெர்மன் வாங்குபவர் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இராது. ஏதாவது ஒன்றைப் பெயர் சொல்லி எழுதினால் போதும். ஒரே ஒரு நாளின் விகிதத்தை எடுக்காமல், முடிந்த காலாண்டின் சராசரியை எடுத்து அடுத்த காலாண்டின் விலையைத் தீர்மானிப்பது நல்லது. மூன்று மாதத்துக்கு விலை அசையாமல் இருந்தால் வாங்குபவரின் கொள்முதல் பிரிவுக்கும் அது வசதி.

இனி வருவதுதான் பெரும்பாலான ஷரத்துகள் சறுக்கும் இடம். சின்னச் சின்ன அசைவுக்கெல்லாம் விலையைத் தொட வேண்டாம் என்று இரு பக்கமும் மூன்று சதவீத வரம்பு வைப்பார்கள். ‘மாற்றம் மூன்று சதவீதத்தைத் தாண்டினால் இருவரும் சமமாகப் பகிர்ந்துகொள்வர்’ என்று எழுதுவார்கள். எதைப் பகிர்வது? முழு மாற்றத்தையா, மூன்று சதவீதத்துக்கு மேலே உள்ள பகுதியை மட்டுமா? அந்த வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

நம் பவுண்டரியில் யூரோ 84-லிருந்து 79.80-க்கு வந்திருக்கிறது. முழு மாற்றம் யூரோவுக்கு 4 ரூபாய் 20 காசு. அதில் பாதி 2 ரூபாய் 10 காசு. 20 யூரோவுக்கு 42 ரூபாய். புது விலை 20.53 யூரோ. வரம்புக்கு வெளியே உள்ளதை மட்டும் எடுத்தால் கதை வேறு. 84-ல் மூன்று சதவீதம் கழித்தால் 81.48. அதற்கும் 79.80-க்கும் இடையே 1 ரூபாய் 68 காசு. பாதி 84 காசு. 20 யூரோவுக்கு 16 ரூபாய் 80 காசு. புது விலை 20.21 யூரோ. ஓர் உருப்படிக்கு வித்தியாசம் 25 ரூபாய் 20 காசு. ஒரு காலாண்டின் 6,000 உருப்படிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு சிறு பட்டறைக்கு இது சில ஆட்களின் சம்பளம்.

முழு மாற்றத்தைப் பகிர்வது நமக்கு லாபமாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு கோளாறு உண்டு. மாற்றம் 2.9 சதவீதம் என்றால் ஒன்றும் கிடையாது, 3.1 என்றால் பெருந்தொகை என்று ஒரே இடத்தில் தாவும். சராசரி எல்லைக்கோட்டின் அருகே வரும் காலாண்டில் ஒவ்வொரு பைசாவுக்கும் தகராறு எழும். வரம்புக்கு மேல் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு, வரம்பை இரண்டு சதவீதமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்பதே என் பார்வையில் நிலைத்து நிற்கும் ஏற்பாடு. எதை ஒப்புக்கொண்டாலும், மேலே போட்டதுபோல ஓர் உதாரணக் கணக்கை எண்களோடு ஒப்பந்தத்தின் இணைப்பில் சேர்த்துவிடுங்கள். வாக்கியத்தில் மயக்கம் இருந்தாலும் எண்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

ஷரத்து இரு பக்கமும் வெட்டும். 2025-ல் யூரோ எதிர்த் திசையில் ஓடி 100 ரூபாயைத் தாண்டியது. அப்போது விலையைக் குறைக்கச் சொல்வது வாங்குபவரின் உரிமை. இதில் நியாயக் குறைவு ஒன்றும் இல்லை. ஆபத்து வேறொரு இடத்தில் இருக்கிறது: ஷரத்தையும் வைத்துக்கொண்டு, முழு ஆண்டுக்கும் வங்கியில் ஃபார்வர்டு புக் செய்வது.

அடிப்படை விகிதம் 90 என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக்காக ஆண்டு முழுவதற்கும் 92 ரூபாய்க்கு ஃபார்வர்டு போட்டாயிற்று. யூரோ 102-க்கு ஏறுகிறது. வரம்பின் மேல்கோடு 92.70, அதற்கு மேல் 9 ரூபாய் 30 காசு, பாதி 4 ரூபாய் 65 காசு. 20 யூரோவுக்கு 93 ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டும், விலை 19.09 யூரோவாகக் குறைகிறது. ஆனால் யூரோவை 92 ரூபாய்க்கு விற்பதாக ஏற்கெனவே வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கைக்கு வருவது 1,756 ரூபாய். முதலில் போட்ட கணக்கு 1,800. யூரோ 12 ரூபாய் ஏறிய ஆண்டில், ஓர் உருப்படிக்கு 44 ரூபாய் குறைவாக வாங்குகிறீர்கள். ஃபார்வர்டு இல்லாமலிருந்தால் 1,947 ரூபாய் வந்திருக்கும்.

அப்படியானால் ஃபார்வர்டே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு வேலைக்கு. காலாண்டு விலை முடிவான பிறகும் பணம் உடனே வருவதில்லை. சரக்கு கடலில் ஒரு மாதத்துக்கு மேல் போகும். பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 60 அல்லது 90 நாள் கடன் இருக்கும். அந்த இடைவெளியில் யூரோ இறங்கினால் ஷரத்து உதவாது, ஏனென்றால் அனுப்பிய சரக்கின் விலை முடிந்துபோன விஷயம். எனவே விலை முடிவான காலாண்டின் இன்வாய்ஸ் தொகைக்கு மட்டும், அந்தந்த வசூல் தேதிக்கு ஃபார்வர்டு எடுக்க வேண்டும். விலை இன்னும் முடிவாகாத மாதங்களை ஷரத்து பார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றன் மீது ஒன்று ஏறாது.

வார்ப்படத் தொழிலில் இன்னொரு மோதலும் உண்டு. பிக் அயர்ன், ஸ்கிராப் விலைக்கென்று தனி ஷரத்து பெரும்பாலும் இருக்கும். உள்ளூர் ரூபாய் விலையை அந்தந்தக் காலாண்டின் விகிதத்தில் யூரோவாக மாற்றித்தான் அதைக் கணக்கிடுவார்கள் என்றால், அந்தப் பகுதி ஏற்கெனவே இன்றைய விகிதத்துக்கு வந்துவிட்டது. நாணய ஷரத்தையும் முழு விலைக்குப் போட்டால் இரும்புக்கு இரண்டு முறை சரிக்கட்டியதாகும். வாங்குபவரின் கணக்காளர் இதைக் கட்டாயம் கண்டுபிடிப்பார். பிறகு முழு ஷரத்தின் மீதும் அவருக்குச் சந்தேகம் வரும். மூலப்பொருள் நீங்கலான விலைக்கு மட்டும் நாணயச் சரிக்கட்டு என்று நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

வாங்குபவர் இதற்கு ஏன் சம்மதிக்க வேண்டும்? ஷரத்து இல்லாதபோது, நாணய பயத்தில் நான்கைந்து சதவீதத்தை விலையில் ஏற்றி வைப்பது சிறு உற்பத்தியாளர்களின் வழக்கம். யூரோ அசையாத ஆண்டிலும் அதை வாங்குபவர்தான் கட்டுகிறார். ஷரத்தை ஏற்றால் அந்தக் கூடுதலைக் கழித்துவிடுகிறேன் என்று இரண்டு விலைப்பட்டியலாகக் கொடுங்கள். விலையில் கண்ணுக்குத் தெரியும் குறைவு இருந்தால்தான் கொள்முதல் மேலாளர் தன் நிறுவனத்துக்குள் இதற்காகப் பேச முடியும்.

சரிக்கட்டும் தொகையைப் பிறகு டெபிட் நோட், கிரெடிட் நோட்டாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்று எழுதாதீர்கள். ஏற்றுமதியான பிறகு இன்வாய்ஸ் மதிப்பைக் குறைப்பதற்கு வங்கியின் ஒப்புதல் வேண்டும்; ஷிப்பிங் பில் தொகையும் வந்து சேர்ந்த தொகையும் பொருந்தாவிட்டால் அந்த பில் வங்கிக் கணக்கில் தீராமல் நிற்கும். காலாண்டு தொடங்கும் முன்பே புது விலையோடு திருத்திய பர்ச்சேஸ் ஆர்டர் வர வேண்டும். பில் ஆஃப் லேடிங் தேதி எந்தக் காலாண்டில் விழுகிறதோ அந்த விலை. உங்கள் தாமதத்தால் சரக்கு அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போனால், இரண்டு விலையில் குறைந்தது என்று வாங்குபவர் கேட்பார். அதை ஏற்பதா வேண்டாமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.