பரிந்துரைக் கடிதம்

பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டில் குழுவாக இணைந்து ஒரு செயல்திட்டத்தைச் செய்து முடிப்பர். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, அதற்கு வழிகாட்டிய விரிவுரையாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது வழக்கம். மதிப்பெண்ணைச் சான்றிதழே காட்டிவிடும். மாணவர் எவ்வாறு வேலை செய்தார் என்பதை உடனிருந்து கண்டவரே கூற இயலும்.

மாணவரை எவ்வளவு காலமாக, எம்முறையில் அறிவார் என்பதை விரிவுரையாளர் முதலில் குறிப்பிடுவார். அடுத்த பத்தியே கடிதத்தின் உயிர். 'இவர் கடின உழைப்பாளி, நற்பண்பினர்' என்று மட்டும் எழுதினால், பெயரை மாற்றி எவருக்கும் அதனை அனுப்பலாம்! பின்வரும் பகுதியை நோக்குக:

"மண்ணின் ஈரத்தை அளந்து தானாக நீர் பாய்ச்சும் கருவியை நால்வர் குழு உருவாக்கியது. சில வாரங்களில் அளவுகள் பிழைபட்டன. மின்சாரம் இடைவிடாது பாய்ந்ததால் உணரியின் உலோக முனைகள் அரிக்கப்பட்டதை இம்மாணவி கண்டறிந்தார். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் செல்லுமாறு நிரலை மாற்றினார். நீர்க்குழாய் அமைப்பு மற்றையோரின் பணி."

இறுதி வரி மாணவியின் சிறப்பைக் குறைப்பதன்று. பிறர் பங்கையும் சொல்வதால், அவருடைய பங்கு ஐயமின்றித் தெரிகிறது. விரிவுரையாளர் தாம் காணாத விளையாட்டுத் திறன் முதலியவற்றை எழுதாமல் விடுவதும் இக்காரணம் பற்றியே.

விண்ணப்பிப்பவர் சில வாரங்களுக்கு முன்பே செயல்திட்ட அறிக்கையுடன் சென்று கேட்டல் வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் விரிவுரையாளரின் மின்னஞ்சலுக்கே இணைப்பை அனுப்பிக் கடிதத்தை நேரடியாகப் பெறுகின்றன. அவர் எழுதத் தயங்கினால், வற்புறுத்தாமல் வேறோர் ஆசிரியரை நாடுதல் நன்று.